லென்ஸின் பார்வைக் கோணம் தப்பாக வருகிறதா? விடையைப் பார்த்தே பிழையைப் பிடிக்கலாம்

சென்சாரின் அகலமும் லென்ஸின் குவியத் தூரமும் தெரிந்தால் பார்வைக் கோணத்தைக் கணக்கிட ஒரே வரி போதும். அந்த ஒரு வரியைத் தப்பாகப் போடப் பத்து வழிகள் இருக்கின்றன. நல்ல வேளையாக, ஒவ்வொரு தப்புக்கும் தனக்கென்று ஒரு எண் உண்டு. 50 மி.மீ. லென்ஸ், 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சார் என்ற ஜோடியைக் கொடுத்துப் பாருங்கள். வருகிற விடை எந்த இடத்தில் கை தவறியது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

சூத்திரம் இது. w சென்சாரின் அகலம், f குவியத் தூரம், இரண்டும் மி.மீ.யில்:

```
கோணம் = 2 × tan⁻¹( w / (2 × f) )
```

இது எங்கிருந்து வந்தது என்பதை ஒரு தடவை மனதில் வரைந்துகொண்டால் பாதிப் பிழைகள் தாமாகவே விலகிவிடும். லென்ஸுக்குப் பின்னால் 50 மி.மீ. தள்ளிச் சென்சார் நிற்கிறது. சென்சாரின் நடுப்புள்ளியிலிருந்து அதன் ஓரம் வரை 18 மி.மீ. அதாவது 50 ஒரு பக்கம், 18 எதிர்ப்பக்கம் கொண்ட ஒரு செங்கோண முக்கோணம். அதன் டேன் மதிப்பு 18/50, அதாவது 0.36. டேன் 0.36 ஆக இருக்கும் கோணம் 19.8 டிகிரி. நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 19.8 என்றால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 39.6 டிகிரி. இதுதான் சரியான விடை. உங்களுக்கு வேறு எண் வந்திருந்தால் கீழே தேடுங்கள்.

விடை 0.69 என்று வருகிறது

கணக்கு சரி, அலகுதான் வேறு. கால்குலேட்டர் ரேடியனில் பதில் சொல்லியிருக்கிறது. திரையின் மூலையில் RAD என்று இருக்கும், DEG ஆக மாற்றிவிட்டால் 39.6 வந்துவிடும். விரிதாளிலும் பைத்தானிலும் இப்படி மாற்ற ஒரு பொத்தான் கிடையாது. அவை எப்போதும் ரேடியனில்தான் பேசும், டிகிரியாக நாம்தான் மாற்ற வேண்டும்:

```
=DEGREES(2*ATAN(36/(2*50)))
```

19.8, 35.8 அல்லது 71.5 வருகிறது

மூன்றுமே அந்த இரண்டு "2"களில் ஒன்றோ இரண்டுமோ தொலைந்ததால் வருபவை. 19.8 வந்தால் பாதிக் கோணத்தோடு நின்றுவிட்டீர்கள், கடைசியில் இரண்டால் பெருக்கவில்லை. 71.5 வந்தால் கடைசியில் பெருக்கியிருக்கிறீர்கள், ஆனால் உள்ளே அகலத்தைப் பாதியாக்கவில்லை. 35.8 வந்தால் இரண்டையும் மறந்துவிட்டீர்கள்.

இந்த 35.8தான் கொஞ்சம் விஷமக்காரன். உள்ளே ஒரு 2, வெளியே ஒரு 2, இரண்டும் அடிபட்டுப் போகும்தானே என்று தோன்றும். டேன் நேர்கோட்டில் போகும் ஒன்றாக இருந்திருந்தால் அடிபட்டிருக்கும். 200 மி.மீ. லென்ஸில் அப்படிப் போட்டாலும் விடை 10.3க்குப் பதில் 10.2 என்றுதான் வரும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். குவியத் தூரம் குறையக் குறையத்தான் வேஷம் கலையும்.

179.9 வருகிறது, அல்லது 180ஐத் தாண்டுகிறது

179.9 என்றால் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறது. `36/2*50` என்று எழுதினால் கணினி இடமிருந்து வலமாகப் போய், 36ஐ 2ஆல் வகுத்து அதை 50ஆல் பெருக்கி 900 ஆக்கிவிடும். டேன் 900 ஆக இருக்கும் கோணம் கிட்டத்தட்ட 90 டிகிரி, அதன் இரட்டை 179.9. `36/(2*50)` என்று அடைப்புக்குறி போட்டால் தீர்ந்தது.

180ஐத் தாண்டிய எண்ணை இந்தச் சூத்திரம் தரவே முடியாது. வந்தால் tan⁻¹ என்பதை "1 வகுத்தல் டேன்" என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நம் ஜோடிக்கு அது 318 என்று வரும். மேலே இருக்கும் அந்தச் சின்ன −1 அடுக்கு அல்ல, "இந்த டேனுக்கு உரிய கோணம் எது" என்ற கேள்வி.

43.1 வருகிறது

என் பார்வையில் இந்தப் பட்டியலிலேயே மோசமானது இதுதான், ஏனென்றால் பார்க்க நியாயமான எண் போலவே இருக்கும். விரிதாளில் ATAN என்பதற்குப் பதில் TAN என்று அடித்திருப்பீர்கள். கோணம் சின்னதாக இருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே மதிப்பைத் தருவதால் பிழை ஒளிந்துகொள்ளும். 200 மி.மீ.க்கு 10.29 வர வேண்டிய இடத்தில் 10.34 வரும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் அதே விரிதாளில் குவியத் தூரத்தை 14 ஆக்கிப் பாருங்கள். ATAN இருந்தால் 104.3 வரும். TAN இருந்தால் 391 டிகிரி என்று வந்து நிற்கும். ஒரு சூத்திரத்தைச் சோதிக்க டெலி லென்ஸைவிட வைட் லென்ஸின் எண்ணைக் கொடுப்பதே நல்லது.

எனக்கு 39.6, லென்ஸின் விவரத்தாளில் 46 அல்லது 47

இது பிழையே இல்லை. லென்ஸ் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் மூலைக்கு மூலை கோணத்தைத்தான் அச்சிடுவார்கள். 36 × 24 மி.மீ. சென்சாரின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. சூத்திரத்தில் 36க்குப் பதில் அதைப் போட்டால் 46.8 வரும். நமக்குக் கிடைமட்டம் வேண்டுமென்றால் அகலம், செங்குத்து வேண்டுமென்றால் உயரம்.

விவரத்தாளின் மூலைவிட்டக் கோணத்தை 36/43.3 என்ற விகிதத்தால் பெருக்கி அகலக் கோணத்தைப் பெறலாம் என்று நினைக்க வேண்டாம். ஏன் கூடாது என்பது அடுத்த அறிகுறியில்.

டெலி லென்ஸுக்குச் சரியாக வருகிறது, வைட் லென்ஸுக்கு உதைக்கிறது

கோணத்தையே எங்கோ பெருக்கியோ வகுத்தோ இருக்கிறீர்கள். வழக்கமாக இது நடப்பது கிராப் சென்சாரில். "ஃபுல் ஃபிரேமில் இவ்வளவு கோணம், என் கேமராவின் கிராப் 1.5, ஆகவே 1.5ஆல் வகுத்தால் போதும்" என்ற கணக்கு.

50 மி.மீ.யில் இது ஏமாற்றும் அளவுக்குச் சரியாக இருக்கும். 39.6ஐ 1.5ஆல் வகுத்தால் 26.4. அகலம் 23.5 மி.மீ. உள்ள கிராப் சென்சாரை நேராகச் சூத்திரத்தில் போட்டாலும் 26.4தான். இதைப் பார்த்து நம்பிக்கை வந்துவிடும். இப்போது 14 மி.மீ. லென்ஸுக்கு வாருங்கள். ஃபுல் ஃபிரேமில் 104.3 டிகிரி. 1.5ஆல் வகுத்தால் 69.5 என்று வரும். உண்மையில் 23.5 மி.மீ. சென்சாரில் அந்த லென்ஸ் பார்ப்பது 80.0 டிகிரி. பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம்.

காரணம், சென்சாரின் நடுப்பகுதியில் ஒரு மி.மீ. பிடிக்கும் கோணமும் ஓரத்தில் ஒரு மி.மீ. பிடிக்கும் கோணமும் ஒன்றல்ல. ஓரத்துக்குப் போகப் போக ஒளி சாய்ந்து விழுவதால் அதே கோணம் சென்சாரில் நீளமாக இழுபடுகிறது. அகலமான குழுப்படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் பருத்துத் தெரிவது இதனால்தான். ஆகவே ஓரத்திலிருந்து ஆறு மி.மீ. வெட்டினால் இழக்கும் கோணம் நடுவில் ஆறு மி.மீ. பிடிக்கும் கோணத்தைவிடக் குறைவு. டெலி லென்ஸில் ஒளி பெரிதாகச் சாய்வதில்லை, அதனால் பெருக்கலும் வகுத்தலும் தப்பித்துக்கொள்கின்றன.

அகலக் கோணத்திலிருந்து செங்குத்துக் கோணம் எடுப்பதும் இதே நோய்தான். வழி ஒன்றே: பெருக்குவதும் வகுப்பதும் மி.மீ. அளவில் நடக்கட்டும், கோணமாக மாற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

மொபைல் படத்துக்கு 12 டிகிரி, அல்லது 154 டிகிரி

படத்தின் EXIF தகவலில் இரண்டு குவியத் தூரங்கள் இருக்கும். FocalLength என்பது லென்ஸின் உண்மையான எண். FocalLengthIn35mmFilm என்பது "ஃபுல் ஃபிரேமாக இருந்திருந்தால் எந்த லென்ஸுக்குச் சமம்" என்ற எண். ஒன்றின் எண்ணை மற்றொன்றின் சென்சாரோடு சேர்த்தால் விபரீதம்தான்.

ஒரு மொபைலில் உண்மைக் குவியத் தூரம் 4.2 மி.மீ., சென்சார் 5.6 × 4.2 மி.மீ., சமான எண் 26 என்று வைத்துக்கொள்வோம். 5.6ஐயும் 26ஐயும் சேர்த்தால் 12.3 டிகிரி, ஏதோ தொலைநோக்கி போல. 36ஐயும் 4.2ஐயும் சேர்த்தால் 153.7 டிகிரி. 5.6ஐயும் 4.2ஐயும் சேர்த்தால்தான் 67.4 என்ற நியாயமான விடை.

சரி, 36ஐயும் 26ஐயும் சேர்த்தால்? 69.4 வரும். இரண்டு டிகிரி கூடுதல். இது ரவுண்டு செய்ததால் வந்தது அல்ல. சமான எண்ணைப் பொதுவாக மூலைவிட்டத்தை ஒப்பிட்டுத்தான் கணக்கிடுகிறார்கள். ஃபுல் ஃபிரேம் 3:2, மொபைல் சென்சார் 4:3. மூலைவிட்டம் ஒன்றாக இருந்தாலும் 4:3 சட்டகம் கொஞ்சம் ஒடுக்கம். 43.3 மி.மீ. மூலைவிட்டம் கொண்ட 4:3 சட்டகத்தின் அகலம் 34.6 மி.மீ.தான். 36க்குப் பதில் அதைப் போட்டால் 67.3 வரும், இப்போது இரண்டு வழியும் ஒத்துப்போகின்றன.

சென்சார் அளவை அங்குலத்தில் சொல்லியிருந்தால் அதை 25.4ஆல் பெருக்கி மி.மீ. ஆக்காதீர்கள். "ஒரு அங்குல" சென்சாரின் அகலம் 13.2 மி.மீ. மட்டுமே. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தைக் குறித்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கணக்கு எல்லாம் சரி, சுவர் ஒத்துக்கொள்ளவில்லை

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். ஒரு நீளமான சுவரோவியத்தைப் பகுதி பகுதியாக எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம், 3 மீட்டர் தூரம். தூரத்தை 36/50ஆல் பெருக்கினால் ஒரு படத்தில் 216 செ.மீ. சுவர் விழ வேண்டும். கேமராவை ஒவ்வொரு முறையும் 180 செ.மீ. நகர்த்தினால் அடுத்தடுத்த படங்கள் 36 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று படியும், தாராளம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 23 செ.மீ.தான் படிந்திருந்தது. அதாவது ஒரு படத்தில் விழுந்தது 203 செ.மீ. காணாமல் போன 13 செ.மீ. எங்கே?

மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆள், தூரம் அளந்த இடம். கேமராவின் மேல்பக்கத்தில் வட்டத்தைக் கோடு வெட்டுவது போன்ற ஒரு குறி இருக்கும், சென்சார் இருக்கும் இடம் அது. அங்கிருந்துதான் 3 மீட்டர் அளந்திருந்தேன். ஆனால் வெளியே இருக்கும் காட்சிக்கு முக்கோணத்தின் முனை சென்சாரில் இல்லை, லென்ஸுக்குள் இருக்கிறது. முன்பக்கமிருந்து லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தால் துவாரம் எந்த ஆழத்தில் இருப்பதாகத் தெரிகிறதோ அந்த இடம். என் லென்ஸில் அது சென்சாரைவிடச் சுமார் 7 செ.மீ. முன்னால். ஆகவே உண்மைத் தூரம் 293 செ.மீ., சுவரில் 5 செ.மீ. குறைவு.

இரண்டாவது ஆள், ஃபோகஸ். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் 50 என்பது முடிவிலிக்கு ஃபோகஸ் செய்தால் மட்டும் பொருந்தும் தூரம். பக்கத்தில் ஃபோகஸ் செய்தால் சாதாரண லென்ஸில் சென்சாருக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் கூடும், கோணம் கொஞ்சம் சுருங்கும். இதனால் சுவரில் குறையும் அளவு எவ்வளவு தெரியுமா? லென்ஸ் மொத்தமாக முன்னே நகர்ந்து ஃபோகஸ் ஆகும் வகையென்றால், தூரம் எதுவாக இருந்தாலும் சென்சாரின் அகலம் எவ்வளவோ அவ்வளவேதான், அதாவது 3.6 செ.மீ. மூன்று மீட்டரில் பரவாயில்லை. ஆனால் மேக்ரோவில், பொருளும் பிம்பமும் ஒரே அளவாக வரும் நிலையில், இது கோணத்தையே பாதியாக்கிவிடும். 100 மி.மீ. லென்ஸ் முடிவிலியில் பார்ப்பது 20.4 டிகிரி, அந்த நிலையில் 10.3. உள்ளுக்குள் கண்ணாடிகளை நகர்த்தி ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களில் குவியத் தூரமே மாறும் என்பதால் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது.

மீதி நாலரை செ.மீ. மூன்றாவது ஆளுடையது: லென்ஸ் சரியாக 50 மி.மீ. அல்ல. பெயரில் இருக்கும் எண் முழு எண்ணாகத் திருத்தப்பட்டது, ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் இருப்பது சகஜம். எவ்வளவு என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

அளக்கும் விதம் இது. சுவரில் அளவு நாடாவைக் கிடைமட்டமாக நீளத்துக்கு ஒட்டுங்கள். ஃபோகஸை மேனுவலில் முடிவிலிக்கு வைத்துவிட்டு அதன்பின் தொடாதீர்கள். படம் மங்கலாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம். முடிவிலிக்கு ஃபோகஸ் செய்த லென்ஸில், சுவரின் மேல் மங்கலின் அகலம் துவாரத்தின் விட்டத்தைத் தாண்டாது. f/16 வைத்தால் 50 மி.மீ. லென்ஸின் துவாரம் சுமார் 3 மி.மீ. நாடாவின் செ.மீ. கோடுகளைத் தாராளமாகப் படிக்கலாம்.

கேமரா சுவருக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க, சுவரில் ஒரு சின்னக் கண்ணாடியைப் படியும்படி வையுங்கள். அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் படத்தின் நடுவில் விழுந்தால் நேராக நிற்கிறது.

இப்போது 2 மீட்டரில் ஒரு படம், 4 மீட்டரில் ஒரு படம். தூரத்தைக் கேமராவில் எந்தக் குறியிலிருந்து வேண்டுமானாலும் அளக்கலாம், இரண்டு தடவையும் அதே குறியாக இருந்தால் போதும். அகலத்தை வியூஃபைண்டரில் பார்த்துப் படிக்காமல், எடுத்த படத்தின் இரண்டு ஓரங்களிலும் நாடா காட்டும் எண்ணைக் கணினியில் பெரிதாக்கிப் படியுங்கள். சில வியூஃபைண்டர்கள் முழுச் சட்டகத்தையும் காட்டுவதில்லை.

எனக்குக் கிடைத்தவை 136.0 செ.மீ.யும் 276.9 செ.மீ.யும். வித்தியாசம் 140.9. தூரத்தின் வித்தியாசம் 200. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.7045. கழித்தவுடனே அந்த 7 செ.மீ. குழப்பம் ஓடிப்போகிறது, ஏனென்றால் அது இரண்டு அளவிலும் ஒரே மாதிரி இருந்தது. ஃபோகஸ் முடிவிலியில் இருப்பதால் இரண்டாவது ஆளும் இல்லை. எஞ்சுவது லென்ஸ் மட்டும்:

```
கோணம் = 2 × tan⁻¹(0.7045 / 2) = 38.8°
குவியத் தூரம் = 36 / 0.7045 = 51.1 மி.மீ.
```

இதே எண்களிலிருந்து அந்த 7 செ.மீ.யையும் திரும்பப் பெறலாம். 136.0ஐ 0.7045ஆல் வகுத்தால் 193. நான் அளந்தது 200. முக்கோணத்தின் முனை என் குறியிலிருந்து 7 செ.மீ. முன்னால் என்று அர்த்தம். ஜூம் லென்ஸாக இருந்தால் ஒவ்வொரு நிலைக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும், முனையும் சேர்ந்து நகரும்.

புகைப்படத்தில் சரி, வீடியோவில் குறுகுகிறது

சூத்திரத்தில் இருக்க வேண்டியது சென்சாரின் மொத்த அகலம் அல்ல, அந்தப் படத்துக்கு உண்மையில் பயன்படும் பகுதியின் அகலம். 16:9 வீடியோ மேலும் கீழும் மட்டும் வெட்டினால் அகலக் கோணம் மாறாது. ஆனால் சில கேமராக்கள் உயர் ரெசல்யூஷனில் பக்கங்களையும் வெட்டும், மின்னணு நடுக்கத் தடுப்பு அதற்கு மேலும் வெட்டும். நடுக்கத் தடுப்பை அணைத்துவிட்டு அதே நாடாவை வீடியோவில் எடுத்துப் பாருங்கள். புகைப்படத்தில் 277 செ.மீ. தெரிந்து வீடியோவில் 252 தெரிந்தால், பயன்படும் அகலம் 36 × 252/277, அதாவது 32.8 மி.மீ. அதையே w ஆகப் போடலாம்.

ஃபிஷ்ஐ லென்ஸுக்குக் கணக்கு ஒட்டவே இல்லை

ஒட்டாது. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் லென்ஸுக்கு மட்டும்தான் டேன் செல்லும். ஃபுல் ஃபிரேமில் மூலைக்கு மூலை 180 டிகிரி பார்க்கும் 15 மி.மீ. ஃபிஷ்ஐக்கு இந்தச் சூத்திரம் 110.5 என்றுதான் சொல்லும். அந்த வகை லென்ஸ்களுக்கு வேறு சூத்திரங்கள் உண்டு, அதுவும் ஒரே சூத்திரம் எல்லா ஃபிஷ்ஐக்கும் பொருந்தாது. லேசான பீப்பாய் வளைவு உள்ள வைட் லென்ஸிலும் இதன் சாயல் தெரியும், ஓரத்தில் கணக்கைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விழும். கேமராவே அந்த வளைவைத் திருத்தித் தரும் படத்தில் அந்தக் கூடுதல் வெட்டுப்பட்டிருக்கலாம், ஆகவே நாடாவைப் படிக்கும் படமும் பிறகு வேலைக்குப் பயன்படுத்தும் படமும் ஒரே அமைப்பில் எடுத்தவையாக இருக்கட்டும்.